பதில் நின்றுபோன முன்மொழிவு: கடைசி மெயிலும் அதன் பிறகு நடந்ததும்

பின்னணி

சரக்கு இருப்பைப் பார்கோடு மூலம் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவித் தரும் சிறு நிறுவனம் ஒன்று. அதனிடம் விசாரித்து வந்தது, இயந்திர உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு நிறுவனம். உதிரிபாக நிறுவனத்துக்கு இரண்டு கிடங்குகள், ஏறத்தாழ 9,000 வகைப் பொருட்கள். ஏட்டில் இருக்கும் பொருள் அலமாரியில் இல்லை. அலமாரியில் இருப்பது ஏட்டில் இல்லை. அவசரத்துக்கு வெளியே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பொருள், பிறகு சொந்தக் கிடங்கின் மூலையிலேயே கிடைத்த சம்பவங்களும் உண்டு.

விசாரித்தவர் கிடங்கு மேலாளர். செயல்விளக்கம் நன்றாகப் போனது. அவரே 400 பொருட்களின் பட்டியலைக் கொடுத்து, அதைச் சோதனைக் கணக்கில் ஏற்றிக் காட்டச் சொன்னார். பிறகு முழு முன்மொழிவு கேட்டார். 14 பக்கங்களில் அது போனது. முதல் கட்டம் பொருள் குறியீடுகளைச் சீர்செய்து லேபிள் ஒட்டுவது. இரண்டாவது, கையடக்க ஸ்கேனர்களைக் கொண்டு வரவு, செலவைப் பதிவது. மூன்றாவது, கணக்கு மென்பொருளுடன் இணைப்பது. விலை 30 நாட்களுக்குச் செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. வேலை உறுதியாகும் என்ற நம்பிக்கையில், நிறுவும் குழுவின் மூன்று வாரங்களை விற்பனைப் பொறுப்பாளர் முன்கூட்டியே ஒதுக்கியும் வைத்தார்.

மேலாளருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. கணக்குத் தலைவர் பார்க்க வேண்டும், உரிமையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். இது விற்பனைப் பொறுப்பாளருக்கும் தெரியும். ஆனால் அந்த இருவரையும் அவர் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை.

மௌனத்தின் போக்கு

முன்மொழிவு போன அன்றே பதில் வந்தது: “கிடைத்தது. உள்ளே பேசிவிட்டுச் சொல்கிறேன்.” எழுத்தில் வந்த கடைசிப் பதில் அதுதான்.

நான்காம் நாள் போன் செய்தபோது மேலாளர் எடுத்தார். “ஓனர் டேபிள்ல இருக்கு சார், நானே கூப்பிடுறேன்” என்றார். ஒன்பதாம் நாள் ஒரு மெயில் போனது. “பார்த்தீர்களா, ஏதாவது சந்தேகம் உண்டா?” என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை. பதினாறாம் நாள் மெயில் சற்று மேலானது. செயல்விளக்கத்தின்போது மேலாளர் எழுப்பிய ஒரு கேள்விக்கு, எண்ணெய் படியும் அலமாரிகளில் லேபிள் தாங்குமா என்பதற்கு, அதில் விடை இருந்தது. வெப்பத்தில் நிறம் மாறும் காகித லேபிள் எண்ணெயும் வெயிலும் பட்டால் மங்கிவிடும். அந்தப் பகுதிக்கு மட்டும் பாலியஸ்டர் லேபிளில் ரெசின் ரிப்பன் கொண்டு அச்சிடுவது நல்லது என்று விளக்கி, மாதிரி அனுப்பவும் முன்வந்தார்கள். அதற்கும் பதில் இல்லை. இருபத்து மூன்றாம் நாள் போன் எடுக்கப்படவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி படிக்கப்பட்டதாகக் காட்டியது, அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் விலையின் காலம் முடிந்தது. அதன்பின்தான் விற்பனைப் பொறுப்பாளரும் அவருடைய மேலதிகாரியும் உட்கார்ந்து, என்ன செய்வது என்று பேசினார்கள்.

கவனித்தவை

முதலில் அவர்கள் எடுத்துப் பார்த்தது மெயில் கண்காணிப்பு எண்களை. பத்தாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் மெயில் 11 முறை திறக்கப்பட்டதாகவும், இணைப்பு சொடுக்கப்பட்டதாகவும் மென்பொருள் காட்டியது. “உள்ளே தீவிரமாகப் பேசுகிறார்கள்” என்று பொறுப்பாளர் இரண்டு வாரமாக நம்பிவந்தது இதை வைத்துத்தான்.

அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் பலவீனமானது. மெயிலுக்குள் புதைத்த ஒரு சின்னப் படம் தரவிறக்கப்படுவதைத்தான் இத்தகைய மென்பொருள் “திறப்பு” என்று எண்ணுகிறது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பெறுபவர் படித்தாலும் படிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். பல நிறுவனங்களின் பாதுகாப்பு வடிகட்டிகள் மெயிலில் உள்ள இணைப்புகளைத் தாமாகவே சொடுக்கிச் சோதிக்கும். ஆகவே அந்த 11 முறை ஒரு மனிதர் ஆர்வத்தோடு திரும்பத் திரும்பப் பார்த்ததாக இருக்கலாம், ஒரு சேவையகத்தின் வேலையாகவும் இருக்கலாம். முடிவெடுக்க அது உதவாது என்று ஒதுக்கிவைத்தார்கள்.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, மேலாளர் மறுக்கவில்லை. விலை அதிகம் என்றோ வேறு இடத்தில் வாங்குகிறோம் என்றோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு, அவர் மௌனமானது “ஓனர் டேபிள்ல இருக்கு” என்று சொன்ன பிறகு. அப்படியென்றால் தடை அவருக்கு மேலே இருக்கிறது. அதை வெளியாளிடம் சொல்ல அவரால் முடியவில்லை அல்லது அவருக்குச் சங்கடமாக இருக்கிறது. இதுவும் ஊகம்தான். ஆனால் கடைசி மெயிலின் தொனியைத் தீர்மானித்தது இந்த ஊகம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தள்ளுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை முதலில் வந்தது. அதைக் கைவிட்டார்கள். விலை தடை என்று யாரும் சொல்லாத நிலையில் விலையைக் குறைத்தால், முதலில் சொன்ன விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். தடை வேறொன்றாக இருந்தால் அந்தத் தள்ளுபடி எதையும் நகர்த்தாது. பேச்சு மீண்டும் தொடங்கும் நாளில் குறைந்த விலைதான் தொடக்க விலையாக நிற்கும்.

உரிமையாளருக்கு நேரடியாக எழுதலாம் என்பது அடுத்தது. இதில் கொஞ்சம் வாதம் நடந்தது. முன்மொழிவுக்கு முன்பே உரிமையாளரோடு அறிமுகம் இருந்திருந்தால் அது இயல்பாக இருந்திருக்கும். இப்போது செய்தால், மேலாளரைப் பற்றி அவருடைய முதலாளியிடம் புகார் செய்ததாகவே படும். உள்ளே நமக்காகப் பேசக்கூடிய ஒரே ஆளையும் இழக்க நேரும். மெயிலின் நகலில் உரிமையாளரைச் சேர்ப்பதும் இதே காரணத்தால் வேண்டாம் என்றானது.

வாரம் ஒருமுறை விசாரித்துக்கொண்டே இருப்பது மூன்றாவது வழி. விலை காலாவதியாகிவிட்டது, குழுவின் மூன்று வாரங்கள் முடங்கிக் கிடக்கின்றன, ஒவ்வொரு விசாரிப்பும் மேலாளரின் சங்கடத்தைக் கூட்டுகிறது. பேசாமல் விட்டுவிடுவதிலும் சிக்கல் இருந்தது: வாடிக்கையாளர் கொடுத்த 400 பொருட்களின் பட்டியல் இன்னும் சோதனைக் கணக்கில் கிடக்கிறது. அதை என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாமல் விலகுவது முறையல்ல.

ஆகவே ஒரு கடைசி மெயில் என்று முடிவானது. அதற்கு ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டார்கள். இதுவரை நடந்த எதுவும் தெரியாத ஒருவர் பிறகொருநாள் படித்தாலும், அந்த மெயிலை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க முடிய வேண்டும். கதவு திறந்திருக்கிறது என்று எழுதுவது எளிது. எந்தக் கதவு, உள்ளே என்ன இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்பதை எழுதினால்தான் அந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டு.

கடைசி மெயில்

முப்பத்து மூன்றாம் நாள், வாரத்தின் நடுவில், காலை நேரத்தில் அனுப்பப்பட்டது. அடையாளங்கள் நீக்கிய வடிவம் இது:

“வணக்கம் சார்.

கிடங்கு இருப்புக் கண்காணிப்புக்காக நாங்கள் அனுப்பிய முன்மொழிவு தொடர்பாக இந்த மெயில். இப்போது இதை எடுத்துக்கொள்ளச் சூழல் இல்லை என்று புரிந்துகொள்கிறோம். ஆகவே எங்கள் பக்கம் இந்தக் கோப்பை நிறுத்திவைக்கிறோம். இனி இது குறித்து நாங்கள் போனோ மெயிலோ செய்ய மாட்டோம்.

உங்கள் பணிக்காக ஒதுக்கியிருந்த நிறுவும் தேதிகளை விடுவித்துவிட்டோம். நீங்கள் தந்த 400 பொருட்களின் பட்டியலைச் சோதனைக் கணக்கிலிருந்து இம்மாத இறுதியில் அழித்துவிடுவோம். அதன் நகல் தேவையென்றால் அதற்கு முன் சொல்லுங்கள்.

பின்னர் தொடர விரும்பினால், கிடங்குகளின் எண்ணிக்கையும் பொருட்களின் எண்ணிக்கையும் இருந்தால் போதும். ஒரு வாரத்தில் திருத்திய முன்மொழிவு தருகிறோம். முதல் கட்டத்தை மட்டும் தனியாகவும் செய்துகொள்ளலாம். முந்தைய விலையின் காலம் முடிந்துவிட்டதால் அன்றைய விலை பொருந்தும். கீழே உள்ள பொது முகவரிக்கு உங்கள் நிறுவனத்தில் யார் எழுதினாலும், இந்தக் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டால் போதும்.

ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்துள்ளோம். இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியமில்லை. செயல்விளக்கத்துக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.”

இதில் சில இடங்களைச் சற்று நின்று பார்க்கலாம்.

“பலமுறை தொடர்புகொண்டும் பதில் இல்லை” என்ற வரி வரைவில் இருந்தது, நீக்கப்பட்டது. உண்மைதான், ஆனால் படிப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. அந்த வரி இருக்கும் மெயிலை மேலாளர் தன் முதலாளிக்கோ கணக்குத் தலைவருக்கோ அனுப்பிவைக்க மாட்டார். தன் மீதான குறிப்பை யார்தான் மேலே அனுப்புவார்? இப்போதைய வடிவத்தில் அவருக்குப் பாதகமாக ஒரு சொல்லும் இல்லை.

“பதில் எழுத வேண்டிய அவசியமில்லை” என்பதைப் பொறுப்பாளர் விரும்பவில்லை. பதில் வாங்கத்தானே எழுதுகிறோம் என்பது அவர் வாதம். மேலதிகாரி அதை ஏற்கவில்லை. மறுப்புச் சொல்லச் சங்கடப்பட்டு ஒதுங்கியவரிடம் இன்னொரு பதிலைக் கேட்டால், அவர் மேலும் ஒதுங்குவார். 1, 2, 3 என்று காரணங்களைப் பட்டியலிட்டு எண்ணை மட்டும் பதிலாகக் கேட்கும் முறை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. சிறு தொகை விற்பனைக்கு அது சரிப்படலாம். கிடங்கையே மாற்றியமைக்கும் ஒரு திட்டத்தில், உள்ளே இருக்கும் பிரச்சினையை யாரும் ஓர் எண்ணில் சொல்லப்போவதில்லை.

விலை பற்றிய வாக்கியம் கடுமையாகத் தோன்றலாம். அதை விட்டுவிட்டால், பிறகு வருபவர் பழைய ஆவணத்தில் உள்ள தொகையைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்; புதிய தொகையைச் சொல்லும்போது விலையை ஏற்றிவிட்டதாகப் படும். முதல் கட்டத்தைத் தனியாகச் செய்யலாம் என்ற வரியும் திட்டமிட்டதே. மூன்று கட்டங்களும் சேர்ந்தது பெரிய முடிவு. ஒரு கட்டம் சிறிய முடிவு.

அனுப்பும் விதத்தில் ஒரு சின்ன விஷயம். பழைய மெயில் தொடரிலேயே பதிலாக அனுப்பினார்கள். அப்போதுதான் முந்தைய உரையாடல் கீழே இருக்கும். ஆனால் பதில் அனுப்பும்போது பழைய இணைப்புக் கோப்பு கூடவே போகாது. அந்த மெயிலை வேறொருவருக்கு அனுப்பிவைத்தால், அவர் கையில் முன்மொழிவு இருக்காது. 14 பக்கத்தை மறுபடி இணைக்காமல், பிரச்சினை, மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் காலம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தனியாகத் தயாரித்து இணைத்தது இதனால்தான். அந்தப் பக்கத்தில் தொகை இல்லை.

அனுப்பிய அன்று செய்தவை

கடைசி மெயில் என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் “நலமா, ஏதாவது முடிவு உண்டா?” என்று இன்னொரு மெயில் போவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது. பெரும்பாலும் அதை அனுப்புவது மனிதர் அல்ல, முன்பே அட்டவணையிட்ட தானியங்கி வரிசை. இங்கேயும் வாடிக்கையாளர் பதிவு மென்பொருளில் இரண்டு மெயில்கள் வரிசையில் காத்திருந்தன. கடைசி மெயிலை அனுப்பும் முன் அவற்றை ரத்து செய்தார்கள். மாதாந்தரச் செய்திமடல் பட்டியலிலிருந்தும் மேலாளரின் முகவரியை எடுத்தார்கள். அது விற்பனை மெயில் அல்ல, இருக்கட்டுமே என்று ஒருவர் சொன்னார். “எதுவும் அனுப்ப மாட்டோம்” என்று படித்தவருக்கு அந்த வேறுபாடு தெரியாது என்று பதில் வந்தது.

பதிவேட்டில் நிலையை “தோல்வி” என்று போடாமல் “நிறுத்திவைப்பு” என்று போட்டார்கள். வரவிருக்கும் காலாண்டின் எதிர்பார்ப்புத் தொகையிலிருந்து அதை நீக்கினார்கள். மறுபார்வைக்கு ஆறு மாதம் கழித்து ஒரு நாள் குறிக்கப்பட்டது. அந்த நாளில் யாரும் கூப்பிடப்போவதில்லை. கோப்பை முற்றாக மூடுவதா என்று உள்ளே முடிவு செய்யத்தான் அது. குறிப்பில் ஊகமும் உண்மையும் தனித்தனியாக எழுதப்பட்டன: “மேலாளர் மறுக்கவில்லை” என்பது உண்மை, “தடை உரிமையாளர் மட்டத்தில்” என்பது ஊகம். சொன்னபடி மாத இறுதியில் பட்டியல் அழிக்கப்பட்டது. நகல் கேட்டு யாரும் எழுதவில்லை.

பிறகு நடந்தது

மேலாளரிடமிருந்து பதில் வரவே இல்லை.

ஐந்து மாதம் கழித்து, பொது முகவரிக்கு, கோப்பு எண்ணோடு ஒரு மெயில் வந்தது. எழுதியவர் கணக்குத் தலைவர். மேலாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். போகும் முன் தன்னிடமிருந்த சில மெயில்களை ஒப்படைத்ததில் இதுவும் ஒன்று. ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத்தான் எழுதியிருந்தார். 14 பக்க ஆவணத்தை அவர் பார்த்ததே இல்லை.

பேசியபோது மௌனத்தின் காரணம் தெரிந்தது. முன்மொழிவு போன சமயத்தில், இரண்டு கிடங்குகளையும் ஒரே இடத்துக்கு மாற்றுவது குறித்து உரிமையாளர் பேசிக்கொண்டிருந்தார். குத்தகை முடிவாகும்வரை வெளியாட்களிடம் மூச்சுவிடக்கூடாது என்று உத்தரவு. மேலாளர் என்ன சொன்னாலும் அது பொய்யாகவோ ரகசியத்தை உடைப்பதாகவோ ஆகியிருக்கும். ஊகம் ஏறத்தாழச் சரியாக இருந்தது. ஆனால் உண்மையான காரணத்தை வெளியிலிருந்து யாரும் கணித்திருக்க முடியாது. எந்தத் தள்ளுபடியும் அதை நகர்த்தியிருக்காது.

இரண்டு கிடங்குகளுக்குப் போட்ட பழைய முன்மொழிவு இப்போது பொருந்தவில்லை. ஒரே கிடங்கு என்பதால் ஸ்கேனர்களின் எண்ணிக்கை குறைந்தது, கிடங்குகளுக்கிடையே சரக்கு மாற்றும் பகுதி தேவையே இல்லாமல் போனது. அழித்த பட்டியலுக்குப் பதிலாகப் புதிய பட்டியல் கேட்டார்கள். இடம் மாறும்போது ஓடாத பொருட்களை வாடிக்கையாளர் கழித்துக்கட்டியிருந்ததால், பழைய பட்டியல் இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது. ஐந்து பக்கத்தில் திருத்திய முன்மொழிவு ஒரு வாரத்துக்குள் போனது.

பழைய விலை கிடைக்குமா என்று கணக்குத் தலைவர் ஒருமுறை கேட்டார். கடைசி மெயிலின் அந்த வரியைச் சுட்டிக்காட்டியதும் விட்டுவிட்டார். முதல் இரண்டு கட்டங்களுக்கு மட்டும் கையெழுத்தானது. மொத்தத் தொகை முதலில் எதிர்பார்த்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கணக்கு மென்பொருள் இணைப்பு பின்னர் பேசப்படும் என்று விடப்பட்டது.

கடைசி மெயில்தான் இந்த வேலையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. புதிய கிடங்குக்குப் போனதும் அவர்களுக்கு இந்தத் தேவை எப்படியும் எழுந்திருக்கும். மெயில் செய்தது, தேவை எழுந்தபோது அறிமுகமே இல்லாத ஒருவர் தயக்கமின்றி எழுத வழி வைத்தது. இதே வடிவில் அந்த நிறுவனம் வேறு இடங்களுக்கு அனுப்பிய மெயில்களில் பலவற்றுக்கு எந்தப் பதிலும் வந்ததில்லை.

மாற்ற வேண்டியவை

பெரிய பிழை கடைசி மெயிலுக்கு வெகு முன்பே நடந்தது. முடிவெடுக்கும் இருவரையும் சந்திக்காமல் முழு ஆவணத்தை ஒருவர் கையில் கொடுத்ததுதான் அது. கணக்குத் தலைவர் அதைப் பார்க்கவே இல்லை என்பது ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது. முன்மொழிவை மெயிலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதற்குப் பதிலாக, அரை மணி நேரம் மூவரையும் உட்காரவைத்துப் படித்துக்காட்டியிருந்தால், “இப்போது வேண்டாம்” என்ற பதில் அந்த அறையிலேயே கிடைத்திருக்கக்கூடும். குத்தகை ரகசியத்தைச் சொல்லாமலேயே ஓர் உரிமையாளர் அதைச் சொல்ல முடியும். ஒரு மேலாளரால் முடியாது.

ஒன்பதாம் நாள் மெயிலை அனுப்பாமலே விட்டிருக்கலாம். புதிதாக எதுவும் இல்லாத விசாரிப்பு, அடுத்து வந்த பயனுள்ள லேபிள் மெயிலையும் இன்னொரு நச்சரிப்பாகக் காட்டிவிட்டது. உறுதியாகாத வேலைக்கு மூன்று வாரங்களை ஒதுக்கியதும் தவறு. அந்த நாட்களில் வேறொரு சிறு வேலையைத் தள்ளிப்போட நேர்ந்தது.

கடைசி மெயிலின் நேரம் குறித்து அந்த நிறுவனத்துக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. விலை காலாவதியாவதற்கு ஐந்து நாள் முன்பே அனுப்பியிருந்தால், பழைய விலையில் தொடர வாடிக்கையாளருக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும் என்பது ஒரு கட்சி. அப்படி அனுப்பினால் அது அவசரப்படுத்தும் மெயிலாகிவிடும், விலகும் மெயிலாக இருக்காது என்பது மற்றொன்று. இரண்டாவது வாதம் வலுவானதாகத் தோன்றுகிறது. காலக்கெடு நினைவூட்டலைத் தனி மெயிலாக, முன்கூட்டியே அனுப்பிவிடுவது இரண்டு சிக்கலையும் தீர்க்கும்.

இப்போது அவர்களின் நடைமுறையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு பக்கச் சுருக்கம் கடைசி மெயிலுக்காகக் காத்திராமல் முன்மொழிவோடு முதல் நாளே போகிறது. கூடிப் படிக்கும் தேதி நாட்காட்டியில் குறிக்கப்படும்வரை, தொகையுள்ள முழு ஆவணம் அனுப்பப்படுவதில்லை.